இரட்டைக் கரு செல்லும் அதைச் சூழ்ந்த கூட்டமும்

புற்றுநோய்க் கட்டி என்றால் அதற்குள் பெரும்பாலும் புற்றுநோய் செல்கள்தான் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். பல கட்டிகளில் அது சரியும்கூட. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா இந்தக் கணக்குக்கு அடங்காது. கழுத்தில் மூன்று சென்டிமீட்டருக்கு வீங்கி நிற்கும் நிணநீர் முடிச்சை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், உள்ளே இருக்கும் செல்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் புற்றுநோய் செல்கள். பல நேரங்களில் அதுகூடத் தேறாது. மீதி அத்தனையும் உடம்பின் சொந்தப் பாதுகாப்புச் செல்கள். அந்தச் சிலவற்றைப் பார்த்து அங்கே ஓடி வந்து கூடியவை.

அதனால் இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. முதலில், கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் அந்த ஒரு செல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிறகு, சுற்றி நிற்பவை யார் யார் என்று படிக்க வேண்டும். இரண்டாவது வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் முதலாவது வேலை வீண். நோய்க்குறியியல் துறையில் இருக்கும் நாங்கள் இந்த நோயைப் பற்றி மாணவர்களுக்கு முதல் நாள் சொல்லும் பாடமே இதுதான்.

முதலில் அந்தச் செல்லைப் பார்ப்போம். அதன் பெயர் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல். திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, ஹீமடாக்ஸிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்களில் முக்கினால், செல்லின் உட்கரு நீலமாகவும் மற்ற பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். சாதாரண லிம்ஃபோசைட்டுகள் சிறிய கருநீலப் புள்ளிகளாகத் திரை முழுக்கச் சிதறிக் கிடக்கும். அவற்றின் நடுவே, அவற்றைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாக, 20 முதல் 50 மைக்ரான் வரை விரிந்த ஒரு செல் நிற்கும். அதற்குள் இரண்டு உட்கருக்கள், அல்லது இரு மடலாகப் பிரிந்த ஒரே உட்கரு. ஒவ்வொரு உட்கருவின் சவ்வும் தடித்து, கோடு போட்டதுபோல் தெளிவாகத் தெரியும். உள்ளே வெளிறிய வெளி. அதன் நடுவே சிவந்த, உருண்டையான ஓர் உட்கருமணி. அந்த மணி மட்டுமே ஏறக்குறைய ஒரு சிறிய லிம்ஃபோசைட்டின் அளவு இருக்கும். இரண்டு உட்கருக்களும் அருகருகே நின்று பார்ப்பவரை உற்று நோக்குவதால் இதற்கு ஆந்தைக் கண் செல் என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

எல்லாப் புற்றுச் செல்களுக்கும் இந்த லட்சணம் இருக்காது. ஒரே உட்கருவோடு நிற்பவை உண்டு. அவற்றை ஹாட்ஜ்கின் செல்கள் என்போம். சுருங்கிக் கருத்து, இறந்துகொண்டிருப்பவை உண்டு. அவற்றுக்கு மம்மி செல்கள் என்று பெயர். ஆனாலும் நோயை உறுதி செய்ய எங்கள் கண் தேடுவது அந்த இரட்டைக் கருவைத்தான்.

இரண்டு உட்கருக்கள் எப்படி வந்தன? இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன என்று சிலர் நினைத்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த இத்தகைய செல்களைத் தொடர்ந்து படமெடுத்துப் பார்த்ததில் வேறு கதை தெரிந்தது. ஒற்றைக் கரு செல் இரண்டாகப் பிரியத் தொடங்குகிறது. உட்கரு பிரிந்துவிடுகிறது. உடல் மட்டும் முழுமையாக அறுபடாமல், பிரிய இருந்த இரண்டு பாதிகளும் திரும்பவும் ஒன்றாகிவிடுகின்றன. பாதியில் நின்றுபோன பிரசவத்தின் மிச்சம்தான் நாம் காணும் இரட்டைக் கரு.

இந்தச் செல் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது 1994 வரை உறுதியாகத் தெரியவில்லை. ஜெர்மனியில் கூப்பர்ஸ், ராயெவ்ஸ்கி, ஹான்ஸ்மான் குழுவினர் திசுச் சீவலிலிருந்து இந்தச் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து மரபணுவைப் படித்தார்கள். நோய் எதிர்ப்புப் புரதம் செய்யும் பி லிம்ஃபோசைட்டிலிருந்து வந்தது இது என்று அப்போதுதான் நிலைநாட்டப்பட்டது. வந்த இடத்தின் அடையாளங்களைப் பெரும்பாலும் தொலைத்துவிட்ட பி செல் இது. இந்தத் தொலைந்த அடையாளம் கொஞ்ச நேரத்தில் நமக்கு உதவப் போகிறது.

லண்டனில் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-ல் இந்த நோயை விவரித்தபோது, ஏழு நோயாளிகளின் வீங்கிய முடிச்சுகளையும் மண்ணீரலையும் வெறும் கண்ணால் பார்த்துத்தான் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நுண்ணோக்கியில் ரத்த அணுக்களை ஆராய்ந்தவர்தான் அவர். ஆனால் இந்த ஆய்வுக்கு அதைப் பயன்படுத்தவில்லை. செல்லை விரிவாக விவரித்தவர்கள் பின்னால் வந்தார்கள்: 1898-ல் வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க், 1902-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டோரதி ரீட். செல்லை அழகாக விவரித்த ஸ்டெர்ன்பெர்க், நோயைக் காசநோயின் ஒரு வகை என்று கருதினார். டோரதி ரீட் அதை மறுத்தார். இது காசநோய் அல்ல, தனி நோய் என்று வாதிட்டார்.

ஸ்டெர்ன்பெர்க்கின் தவறு நம்மூரில் இன்றும் நடக்கிறது. அதனால் ஒரு நோயாளியை வைத்தே இதைப் பார்ப்போம். இது ஒருவருடைய கதை அல்ல, எங்கள் மேசைக்கு அடிக்கடி வரும் கதைகளின் பொது உருவம்.

இருபத்து மூன்று வயதுப் பெண். வலது கழுத்து எலும்புக்கு மேலே நெறி கட்டியிருக்கிறது. வலி இல்லை. மூன்று மாதமாக மெதுவாக வளர்கிறது. மாலையில் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடை குறைவு. மருத்துவர் மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். அழற்சி செல்கள் இருக்கின்றன, கிரானுலோமாக்களும் இருக்கின்றன, காசநோயாக இருக்கலாம் என்று முடிவு வருகிறது. மாத்திரை தொடங்குகிறார்கள். இரண்டு மாதமாகியும் கட்டி கரையவில்லை. மார்பு எக்ஸ்-ரேயில் நெஞ்சின் நடுப்பகுதி அகன்று தெரிகிறது.

ஊசிப் பரிசோதனை செய்தவர் பொய் சொல்லவில்லை. கிரானுலோமா என்பது காசநோய்க்கு மட்டும் சொந்தமானதல்ல. ஹாட்ஜ்கின் நோயிலும் சுற்றி வரும் மேக்ரோஃபேஜ்கள் அப்படிக் கூடிக்கொள்வது உண்டு. நூறு செல்களில் ஒன்றுதான் குற்றவாளி என்றால், ஊசிமுனையில் வரும் துளியில் மற்ற தொண்ணூற்றொன்பதுதான் வரும். அதைவிட முக்கியம், ஊசி செல்களை உறிஞ்சி எடுக்குமே தவிர அவை எந்த ஒழுங்கில் நின்றன என்பதை எடுத்து வராது. இந்த நோயில் பாதி விடை அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு முடிச்சை முழுதாக அறுத்தெடுக்கிறார்கள். அறுவை அறையிலேயே அதில் ஒரு சிறு துண்டை வெட்டி, ஃபார்மலின் படாமல் சலைனில் போட்டுக் காசநோய்க் கிருமி வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் விழுந்த துண்டில் கிருமி பிழைக்காது, பிறகு வளர்த்துப் பார்க்க முடியாது. மீதியை உடனே மெல்லிய வில்லைகளாக வெட்டி ஃபார்மலினில் இட வேண்டும். வெட்டாமல் முழுதாகப் போட்டால், தடித்த உறையைத் தாண்டி மருந்து உள்ளே போகாது. வெளிப்பக்கம் பதமாகி நடுப்பகுதி கெட்டுப்போகும். மறுநாள் சாயம் ஏற்றிப் பார்த்தால் செல்களின் உருவம் கலங்கியிருக்கும். எவ்வளவு அனுபவமுள்ளவராலும் அந்தச் சீவலைப் படிக்க முடியாது. நோயாளி திரும்பவும் அறுவைக்குப் போக வேண்டியிருக்கும்.

நம் நோயாளியின் திசு நன்றாகப் பதமாகி வந்திருக்கிறது. மெழுகில் புதைத்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, சாயம் ஏற்றியாயிற்று. முதலில் பெரிய செல்லைத் தேடிப் போகக் கூடாது. குறைந்த உருப்பெருக்கத்தில் முழு முடிச்சையும் பார்க்க வேண்டும். உறை தடித்திருக்கிறது. அதிலிருந்து இளஞ்சிவப்பு நார்ப் பட்டைகள் உள்ளே இறங்கி, முடிச்சை உருண்டை உருண்டையாகப் பிரித்திருக்கின்றன. பிறகு ஓர் உருண்டைக்குள் நுழைகிறோம். நிறைய லிம்ஃபோசைட்டுகள். அவற்றுக்கிடையே செந்துகள்கள் நிறைந்த ஈசினோஃபில்கள், பிளாஸ்மா செல்கள், நியூட்ரோஃபில்கள். இவற்றின் நடுவில் ஆங்காங்கே வெள்ளை வெற்றிடங்கள். ஒவ்வொரு வெற்றிடத்திலும் மடிப்பு மடிப்பான உட்கருவோடு ஒரு பெரிய செல்.

இவற்றை லக்கூனார் செல்கள் என்கிறோம். உயிருள்ள உடலில் அந்த வெற்றிடம் கிடையாது. ஃபார்மலினில் செல்லின் உடல் சுருங்கி, சுற்றுப்புறத்தை விட்டு விலகுவதால் வருவது அது. பதப்படுத்தும் முறையின் பக்க விளைவு ஒன்று, நோயின் ஒரு வகையை அடையாளம் காட்டும் சின்னமாகவே மாறியிருப்பது எங்கள் துறையின் விந்தைகளில் ஒன்று. இன்னும் சில சீவல்களைத் தேடியபின் இரட்டைக் கருவோடு உண்மையான ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லும் கிடைக்கிறது.

இத்தோடு முடிவு எழுதிவிடலாமா? கூடாது. ஏனென்றால் இந்த ஆந்தைக் கண் வேறு இடங்களிலும் தென்படும். எப்ஸ்டைன்-பார் வைரஸ் இளைஞர்களுக்குத் தரும் சாதாரணக் காய்ச்சலில், சில வாரத்தில் தானே வடியும் முடிச்சிலும் இதைப்போன்ற செல் இருக்கும். வேறு வகை லிம்ஃபோமாக்களிலும், முடிச்சுக்குப் பரவிய மெலனோமாவிலும் இருக்கும். செல்லை மட்டும் வைத்து ஹாட்ஜ்கின் என்று எழுதுகிறவர், நன்றாக இருக்கும் இளைஞருக்குக் கீமோதெரபி கொடுக்க வழி செய்துவிடலாம். உரிய பின்னணியில் நிற்கும் உரிய செல் என்பதுதான் எங்கள் விதி.

அதோடு அடையாளச் சாயங்களும் வேண்டும். செல்லில் இருக்கும் குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டிப் பழுப்பு நிறம் காட்டும் சாயங்கள் இவை. நம் நோயாளியின் பெரிய செல்களில் சி.டி.30 பளிச்சென்று தெரிகிறது. சி.டி.15-உம் இருக்கிறது. எல்லா வெள்ளணுக்களிலும் இருக்க வேண்டிய சி.டி.45 இந்தச் செல்களில் மட்டும் இல்லை. பி செல்லின் முத்திரையான சி.டி.20-உம் இல்லை. பி செல்லின் இன்னோர் அடையாளமான பாக்ஸ்5 இருக்கிறது, ஆனால் மங்கலாக. பக்கத்திலேயே நிற்கும் சாதாரண பி லிம்ஃபோசைட்டில் அது அடர் பழுப்பாகத் தெரிவதால், இந்த மங்கல் சாயத்தின் குறை அல்ல, செல்லின் இயல்பு என்று உறுதியாகிறது. அடையாளம் தொலைத்த பி செல் என்று முன்பு சொன்னதன் நேரடிச் சாட்சி இதுதான். இங்கேயும் ஒப்பிட்டுப் பார்க்க அக்கம்பக்கத்துச் செல்தான் உதவுகிறது. முடிவு: கிளாசிக்கல் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, நாடுலர் ஸ்க்ளீரோசிஸ் வகை. இளம் வயது, நெஞ்சின் நடுவே வீக்கம், கழுத்தில் முடிச்சு என்று அவர் வந்த விதமும் இந்த வகைக்குப் பொருந்துகிறது.

பின்னணியை வைத்து வகை பிரிக்கும் இந்த முறையை 1966-ல் முன்வைத்தவர்கள் லூக்ஸும் பட்லரும். அதைச் சுருக்கி நான்கு வகையாக்கியது ரை மாநாடு. நார்ப் பட்டையோடு வருவது முதல் வகை. இரண்டாவது, மிக்ஸ்டு செல்லுலாரிட்டி. இதில் பட்டை இருக்காது. ஈசினோஃபில், பிளாஸ்மா செல், மேக்ரோஃபேஜ், லிம்ஃபோசைட் எல்லாம் கலந்து கிடக்கும். பாடப்புத்தகத்தில் உள்ளபடியான இரட்டைக் கரு செல்கள் இதில்தான் தாராளமாகக் கிடைக்கும். எப்ஸ்டைன்-பார் வைரஸின் தடயம் இந்த வகையில் பெரும்பாலான நோயாளிகளிடம் உண்டு. இந்தியா போன்ற நாடுகளில், குறிப்பாகக் குழந்தைகளிடம், இந்த வகை மேலைநாடுகளைவிட அதிகம். லிம்ஃபோசைட் மிகுந்த வகையும் லிம்ஃபோசைட் அருகிய வகையும் மற்ற இரண்டு. கடைசியாகச் சொன்னது மிக அரிது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் சில நேரம் காணப்படும்.

இந்த நான்கையும் பிரிப்பதால் சிகிச்சை மாறுமா என்று கேட்டால், இன்று பெரும்பாலும் மாறாது என்பதே நேர்மையான பதில். நான்குக்கும் பொதுவான கீமோதெரபிதான். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதுதான் எத்தனை சுற்று என்பதைத் தீர்மானிக்கிறது. சுற்றியுள்ள செல்கள் நிஜமாகவே சிகிச்சையை மாற்றுவது வேறோர் இடத்தில். அது ஐந்தாவது வகை.

அந்த வகையில் இரட்டைக் கரு அநேகமாகத் தென்படாது. மடிந்து மடிந்து பொரிந்த உட்கருவோடு ஒரு பெரிய செல் இருக்கும். உலகமெங்கும் பாப்கார்ன் செல் என்றே சொல்கிறார்கள். சுற்றிலும் ஈசினோஃபிலும் பிளாஸ்மா செல்லும் பெரும்பாலும் இருக்காது. சிறிய பி லிம்ஃபோசைட்டுகள் பெரிய உருண்டைகளாகக் கூடியிருக்க, பாப்கார்ன் செல்லைச் சுற்றி டி லிம்ஃபோசைட்டுகள் வளையம் கட்டி நிற்கும். அடையாளச் சாயங்களும் நேர் எதிர்: சி.டி.20, சி.டி.45 இரண்டும் இருக்கும், சி.டி.30, சி.டி.15 பெரும்பாலும் இருக்காது. இந்தச் செல் தன் பி அடையாளத்தைத் தொலைக்கவில்லை. இந்த நோய் மெதுவாக நகரும். ஆரம்ப நிலையில் கதிர்வீச்சு மட்டுமே பலருக்குப் போதும். சி.டி.20-ஐக் குறிவைக்கும் ரிடுக்சிமாப் இதில் வேலை செய்யும். அதே நேரம் பல ஆண்டு கழித்துத் திரும்பி வரவும் கூடும். 2022-ல் வெளியான ஒரு சர்வதேச வகைப்பாடு ஹாட்ஜ்கின் என்ற பெயரையே இதிலிருந்து எடுத்துவிட்டு, பி செல் லிம்ஃபோமா என்று அழைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு பழைய பெயரையே வைத்திருக்கிறது. நோயாளியின் கையில் வரும் அறிக்கையில் இரண்டில் எதுவும் இருக்கலாம். பயப்பட வேண்டாம், நோய் ஒன்றுதான்.

இனி, பின்னணி எவ்வளவு பெரிய தீர்ப்பைச் சொல்கிறது என்று பாருங்கள். இதே போன்ற தோற்றமும் இதே சி.டி.20 அடையாளமும் உள்ள செல்கள், சிறிய பி லிம்ஃபோசைட்டுகளின் உருண்டைகள் இல்லாமல், டி செல்களும் மேக்ரோஃபேஜ்களும் மட்டும் பரவிக் கிடக்கும் வெளியில் தனித்தனியாக நின்றால் நோயின் பெயரே வேறு. அது டி செல், ஹிஸ்டியோசைட் மிகுந்த பெரிய பி செல் லிம்ஃபோமா. வேகமாகப் பரவும், மண்ணீரலையும் எலும்பு மஜ்ஜையையும் தொடும். முழு வீச்சில் கீமோதெரபி வேண்டும். பெரிய செல்லை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. முதல் நோய்க்கு எழுதிய இலேசான சிகிச்சையை இரண்டாவதற்குக் கொடுத்தால் ஆள் பிழைப்பது கடினம்.

அந்தக் கூட்டம் ஏன் கூடுகிறது? ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் ஓயாமல் வேதிச் செய்திகளை அனுப்புகிறது. சி.சி.எல்.17 என்ற புரதம் குறிப்பிட்ட வகை டி செல்களை இழுத்து வருகிறது. ஐ.எல்.5 ஈசினோஃபில்களை வளர்க்கிறது. நார்த் திசுவைத் தூண்டும் புரதங்கள் பட்டைகளைக் கட்டுகின்றன. வந்து நிற்பவை இந்தச் செல்லைக் கொல்ல வந்தவை என்று தோன்றும். உண்மையில் அவை அதற்கு வளர்ச்சிச் செய்திகளைக் கொடுத்து வாழவைக்கின்றன. கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக வளர்க்க முயன்றால் இந்தச் செல் எளிதில் வளர்வதில்லை. தாக்கக்கூடிய டி செல்களை அடக்குவதற்கும் அதனிடம் வழி உண்டு. ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு பகுதியைப் பெருக்கிக்கொண்டு, பி.டி.எல்.1 என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் நிறைய ஏந்துகிறது. அதைத் தொட்ட டி செல் செயலிழந்துவிடும்.

இந்த உறவைப் புரிந்துகொண்டதன் பயன் 2015-ல் தெரிந்தது. பல சிகிச்சைகள் தோற்றுப்போன 23 நோயாளிகளுக்கு, அந்தப் பூட்டைத் திறக்கும் நிவோலுமாப் மருந்தைக் கொடுத்த முதல் ஆய்வில் 20 பேரின் கட்டி சுருங்கியது. மருந்து வேலை செய்த இடம் புற்றுச் செல்லை விட அதைச் சூழ்ந்த செல்களிடம்தான். சி.டி.30-ஐத் தேடிப் பிடித்து நஞ்சை உள்ளே இறக்கும் பிரென்டக்சிமாப் வேடோடின் என்ற மருந்தும் அதற்கு முன்பே, 2011-ல், அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. நாங்கள் அடையாளத்துக்காகத் தேடிய அதே புரதம் மருந்தின் இலக்காகவும் ஆயிற்று.

நம் பெண்ணுக்கு வருவோம். காசநோய்க் கிருமி வளர்ப்பில் எதுவும் வளரவில்லை. அதையும் கட்டாயம் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் இரண்டு நோயும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. காசநோய் மாத்திரையை நிறுத்தி, ஸ்கேன் எடுத்து, கீமோதெரபி தொடங்குகிறார்கள். ஹாட்ஜ்கின் நோய், மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் புற்றுநோய்களில் ஒன்று. பரவிய நிலையிலும் பெரும்பாலானவர்கள் முழுதாகக் குணமாகிறார்கள். அவருக்கு வீணானது இடையில் போன அந்த இரண்டு மாதம்தான். சிலருக்கு அது ஒரு வருடமாகிவிடுகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

எனவே வாசகர்களுக்கு இதைச் சொல்கிறேன். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாமல் கட்டிய நெறி நான்கு முதல் ஆறு வாரம் தாண்டியும் கரையவில்லை என்றால் காட்டுங்கள். ஊசிப் பரிசோதனையில் காசநோயாக இருக்கலாம் என்று மட்டும் வந்து, கிருமி காணப்படவில்லை என்றால், மாத்திரைக்குக் கட்டி கரையவில்லை என்றால், முடிச்சை முழுதாக எடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் நீங்களாகச் சாப்பிடாதீர்கள். அது லிம்ஃபோமாவைத் தற்காலிகமாகச் சுருக்கி, சீவலில் தெரிய வேண்டியதை அழித்துவிடும். அறுவை முடிந்தபின் அறிக்கையோடு ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இன்னொரு மருத்துவமனைக்குப் போகும்போது அவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.